மஞ்சள் ஜப்லாவுக்கு எத்தனை பெயர்?



போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சற்றுத் தலையைச் சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். பூந்தமல்லியிலிருந்து என் தம்பி மனைவி ஒரு இடுப்பில் எட்டு மாதக் குழந்தையும், மறு கையில் பெரிய துணிப்பையுமாக வந்து இறங்கினாள்.

"அண்ணி, தச்சு முடிச்சுட்டேன். ஆனா விக்கத்தான் தெரியல. இந்தப் போன் என்னென்னமோ கேக்குது. பாதியிலயே விட்டுட்டு ஓடி வந்துட்டேன்" என்றாள்.

பையைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் ஜப்லா. மெல்லிய மல் துணியில், முன்னால் நாடா வைத்துக் கட்டுகிற ஜப்லா. பிறந்த குழந்தைக்குப் பட்டன் உறுத்தும், தலைவழியாக மாட்டவும் முடியாது என்று பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தாள். துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகே வெட்டினாளாம். மஞ்சள், வெள்ளை என்று இரண்டு நிறம். மூன்று மாதம் வரை, மூன்றிலிருந்து ஆறு மாதம், ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று மூன்று அளவு. மூன்று மூன்றாக மடித்து உறை போட்டதில் முப்பது பாக்கெட் இருந்தது. கோடவுன் தெருவுக்கு இரண்டு நடை போய்த் துணி வாங்கி வந்திருக்கிறாள். குழந்தையின் காதுகுத்துக்கு வந்த மொய்ப் பணம் முழுவதும் அந்தப் பையில்தான் இருந்தது.

"மாமியார் வீட்ல யாருக்கும் இன்னும் சொல்லல அண்ணி. வித்துக் காட்டிட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றாள்.

எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது. நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். ஆனால் இரண்டு வருஷமாக அம்பத்தூரில் வீட்டிலிருந்தபடியே தலையணை உறையும் குழந்தைத் துணியும் ஆன்லைன் கடைகளில் விற்று வருகிறேன். ஆரம்பத்தில் இதே வார்த்தைகளைப் பார்த்து நானும் மிரண்டவள்தான். செல்லர் அக்கவுண்ட், கேட்லாக், லிஸ்டிங், எஸ்.கே.யூ. இந்த நான்கும் நம் வீட்டுப் புழக்கத்தில் உள்ள சமாசாரங்கள்தான், பெயர்தான் புதிது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் செல்லர் அக்கவுண்ட்

ஆன்லைன் கடையில் நாம் பொருள் வாங்குவதற்கு ஒரு கணக்கு வைத்திருப்போம். அது வாங்குகிறவர் கணக்கு. விற்பதற்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதுதான் செல்லர் அக்கவுண்ட். சந்தையில் ஒரு இடத்தைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சந்தைக்காரர் என்ன கேட்பார்? நீ யார், எங்கிருந்து வருகிறாய், பணத்தை எங்கே கொடுப்பது என்றுதானே கேட்பார்? இவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். பான் கார்டு, சரக்கை வந்து எடுத்துப் போகும் விலாசம், பேங்க் கணக்கு, செல்போன் நம்பர், ஜி.எஸ்.டி. விவரம்.

என் தம்பி மனைவி நின்றுபோன இடம் பேங்க் கணக்கு. கணக்கு நம்மதுதானா என்று பார்க்கச் சில இடங்களில் ஒரு ரூபாயை அனுப்பி, பேங்க்கில் உள்ள பெயரையும் பான் கார்டில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கேதான் நம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வில்லங்கம். நம் பெயருக்கு முன்னால் இன்ஷியல். பாஸ் புத்தகத்தில் ஒற்றை எழுத்து இருக்கும். பான் கார்டில் அதையே விரித்து அப்பா பெயர் முழுதாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயர் சேர்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்! "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பிவிடும்.

"அப்ப அவர் அக்கவுண்ட் நம்பரைக் குடுத்துடட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

"அதுதான் கூடாது. பான் உன் பேர்ல, பேங்க் அவர் பேர்லன்னா இன்னும் பொருந்தாது. அதுவும் போக, உன் தையல் காசு உன் கணக்குல வந்து விழட்டுமே!" என்றேன்.

இதற்கு வழி, பேங்க்குக்குப் போய்ப் பான் கார்டு நகலைக் கொடுத்து, கணக்கில் உள்ள பெயரைப் பான் கார்டில் இருக்கிற மாதிரியே மாற்றித் தரும்படி எழுதிக் கொடுப்பதுதான். கொஞ்ச நாள் ஆகும். அதனால் தையல் ஆரம்பிக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். செல்போன் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓ.டி.பி. வரும், சில நிமிஷத்தில் காலாவதியாகும். வீட்டுக்காரர் ஃபாக்டரியில் ஷிஃப்டில் இருந்தால் அவரை எங்கே தேடுவது? "உங்களுக்குக் கணக்கு தொடங்கித் தருகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்தது ஜி.எஸ்.டி. முன்பெல்லாம் ஆன்லைன் கடையில் ஒரு கைக்குட்டை விற்றாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் நம்மைப் போன்ற சின்ன வியாபாரிகளுக்கு ஒரு சலுகை வந்தது. நம் மாநிலத்தில் பொருள் மட்டும் விற்பவர், வருஷ வியாபாரம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர், gst.gov.in என்ற அரசாங்க இணையதளத்தில் பான் கார்டைக் காட்டி 'என்ரோல்மென்ட் நம்பர்' வாங்கினால் போதும். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்பலாம். நமக்குப் பாண்டிச்சேரி பக்கத்து ஊர். சட்டத்துக்கு அது வெளி மாநிலம் மாதிரி. அங்கேயோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டுமானால் முழு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். இந்த என்ரோல்மென்ட் நம்பரை மீஷோ போன்ற சில இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே எந்தக் கடை என்று முடிவு செய்யும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்லாக் வேறு, லிஸ்டிங் வேறு

இந்த இரண்டு வார்த்தையும்தான் எல்லோரையும் குழப்புகிறது. நானும் ரொம்ப நாள் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

நீங்கள் அமேசானிலோ ஃப்ளிப்கார்ட்டிலோ ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று பார்க்கிறீர்கள். படம், பெயர், கம்பெனி, என்ன உலோகம், எவ்வளவு கனம் என்று ஒரு பக்கம் வருகிறது. அதே குக்கரை ஐந்தாறு வியாபாரிகள் விற்கலாம். ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு கையிருப்பு. ஆனால் படமும் வர்ணனையும் எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுவான வர்ணனைதான் கேட்லாகில் உள்ள பதிவு. "இந்த விலைக்கு, என்னிடம் இத்தனை இருக்கிறது, நான் அனுப்புகிறேன்" என்று ஒவ்வொரு வியாபாரியும் அதன்மேல் வைப்பது லிஸ்டிங்.

இன்னும் வீட்டு பாஷையில் சொன்னால், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் மாதிரிகள் ஒட்டிய ஒரு பெரிய ஆல்பம் இருக்கும். அது கேட்லாக். அதில் பதினேழாம் நம்பர் மாதிரியை நம் தெருக் கடைக்காரர் நூறு பத்திரிகைக்கு இவ்வளவு என்று சொல்கிறாரே, அது அவருடைய லிஸ்டிங். ஆவடிக் கடைக்காரர் அதே பதினேழாம் நம்பருக்கு வேறு விலை சொல்வார். அது அவருடைய லிஸ்டிங்.

கேட்லாகில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் கடைக்காரர்களே ஒரு நம்பர் கொடுத்துவிடுகிறார்கள். அமேசானில் அதற்கு ஏசின் என்று பெயர். பத்து எழுத்தும் எண்ணும் கலந்தது. ஃப்ளிப்கார்ட்டில் எஃப்.எஸ்.என். இவை அவர்கள் வைக்கும் பெயர், நாம் மாற்ற முடியாது. மீஷோவில் 'கேட்லாக்' என்ற சொல்லைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஒரே ரகத்தில் நாம் சேர்த்து ஏற்றும் சில டிசைன்களின் தொகுப்புக்கே அங்கே கேட்லாக் என்று பெயர். சொல் ஒன்றானாலும் எந்தக் கடை என்று பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

சரி, இது நம் ஜப்லாவுக்கு எப்படிப் பொருந்தும்? என் தம்பி மனைவி தைத்தது உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அதனால் அவள் தானே புதிதாகக் கேட்லாக் பதிவு உண்டாக்க வேண்டும். ஆனால் அவள் செய்ய இருந்தது வேறு. போனில் தேடியபோது மஞ்சள் ஜப்லா ஒன்று ஏற்கெனவே இருந்தது. "நான் தச்சது மாதிரியே இருக்கு அண்ணி. இதுலயே என் விலையைப் போட்டுட்டா வேலை மிச்சம்தானே?" என்றாள்.

இல்லவே இல்லை! அந்தப் பதிவில் உள்ளது பனியன் துணி, பக்கவாட்டில் பட்டன். இவளுடையது மல் துணி, நாடா. வாங்குகிற அம்மா படத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பாள். வருவது வேறாக இருந்தால் திருப்பி அனுப்புவாள். அது அவள் குற்றமும் இல்லை. கம்பெனி, துணி, அளவு, எண்ணிக்கை எல்லாம் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் அடுத்தவர் பதிவின்மேல் நம் லிஸ்டிங்கை வைக்கலாம். கையால் தைப்பவர்களுக்கு அநேகமாக அது பொருந்தாது.

புதிய பதிவுக்கான படிவத்தில் நிறையக் கட்டங்கள் இருக்கும். பயப்பட வேண்டாம். பொருளின் பெயர், துணி வகை, நிறம், அளவு, ஒரு பாக்கெட்டில் எத்தனை, அதிகபட்ச சில்லறை விலை, விற்கும் விலை, தயாரித்தவர் பெயர் விலாசம், எந்த நாட்டில் செய்தது. 'எச்.எஸ்.என்.' என்று ஒரு நம்பர் கேட்பார்கள். வரிக்காகப் பொருள்களை வகை பிரித்த நம்பர் அது. நெய்த துணியில் தைத்த குழந்தை உடைக்கு 6209. பனியன் துணியானால் 6111. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

படத்துக்கு வெள்ளை வேட்டியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தோம். முதல் படத்தில் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பல கடைகளில் விதி. படத்தின்மேல் போன் நம்பரோ வேறு எழுத்தோ இருக்கக் கூடாது. கோடவுன் தெருவில் கார்ட்டூன் பொம்மை அச்சடித்த துணி மலிவாகக் கிடைக்கும். அதில் தைத்தால் பொம்மைக்கு உரிமையுள்ள கம்பெனி ஆட்சேபித்து லிஸ்டிங்கை நிறுத்திவிட முடியும். நல்லவேளை, இவள் வெறும் மஞ்சளும் வெள்ளையுமாக எடுத்திருந்தாள்.

இன்னொரு கட்டத்தில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எழுதுகிறார்கள். பார்சலின் எடையும் அளவும். கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பல இடங்களில் 5000-ஆல் வகுக்கிறார்கள். வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. மூன்று ஜப்லா கையில் பிடித்தால் 200 கிராம்கூட இல்லை. 25-க்கு 20 உறையில் 4 சென்டிமீட்டர் கனத்தில் மடித்தால் 2000 வருகிறது. 5000-ஆல் வகுத்தால் 400 கிராம். அழகாக இருக்கட்டும் என்று 30-க்கு 25-க்கு 10 அட்டைப் பெட்டியில் வைத்தால் 7500. கன எடை ஒன்றரைக் கிலோ! உள்ளே இருப்பது அதே மூன்று ஜப்லா. காற்றுக்கு எதற்குக் கூலி கொடுக்க வேண்டும்?

எல்லாம் நிரப்பி அனுப்பினால் உடனே கடையில் தெரியாது. அவர்கள் சரிபார்த்த பிறகுதான் 'ஆக்டிவ்' என்று வரும். திருப்பிவிட்டால் காரணம் எழுதியிருக்கும். அதைப் படித்துத் திருத்தி அனுப்ப வேண்டும். அதே பொருளைப் புதிதாக இன்னொரு தடவை ஏற்றினால் ஒன்று இரண்டாகி, குழப்பம்தான் மிஞ்சும்.

எஸ்.கே.யூ என்ற சின்னப் பூதம்

இனி, என் தம்பி மனைவி பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்த கட்டம். எஸ்.கே.யூ. அதாவது ஸ்டாக் கீப்பிங் யூனிட். தனியாக எண்ணிக் கணக்கு வைக்க வேண்டிய ஒரு சரக்கு என்று அர்த்தம். அதற்கு நாமே சூட்டும் பெயர்தான் எஸ்.கே.யூ கோட்.

"ஜப்லாதானே அண்ணி? ஜப்லான்னே போட்டுட்டா என்ன?" என்றாள்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். பேப்பரைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார். "ஸ்டோருக்கு வந்து ஒருத்தன் 'போல்ட் குடுங்க'ன்னா நான் எதைக் குடுக்கிறது? ஆறு எம்.எம்.மா, எட்டு எம்.எம்.மா? அதுக்குத்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நம்பர், ஒரு பின் கார்டு. எத்தனை வந்துச்சு, எத்தனை போச்சு, மிச்சம் எத்தனை. அவ்வளவுதாம்மா உங்க எஸ்.கே.யூ" என்றார்.

எது ஒரு எஸ்.கே.யூ, எது இரண்டு என்று கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இதற்குப் பதில் அதைக் கொடுத்தால் வாங்கினவள் சண்டைக்கு வருவாளா? மஞ்சளுக்குப் பதில் வெள்ளை கொடுத்தால் வருவாள். சின்ன அளவுக்குப் பதில் பெரியது கொடுத்தாலும் வருவாள். ஆகவே அவை தனித்தனி. திங்கட்கிழமை தைத்ததற்குப் பதில் வியாழக்கிழமை தைத்த அதே மஞ்சளைக் கொடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அது ஒன்றுதான். இரண்டு நிறம், மூன்று அளவு என்றால் இரண்டு மூன்று ஆறு. அவளிடம் இருப்பது 'ஜப்லா' இல்லை, ஆறு எஸ்.கே.யூ. ஒவ்வொன்றிலும் ஐந்து பாக்கெட்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் என் சரக்குக்கு J1, J2, J3 என்று பெயர் வைத்தேன். J2 என்றால் மூன்றிலிருந்து ஆறு மாத அளவு என்பது என் மனதுக்கு மட்டுமே தெரியும். ஒரு வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திருத்தணி போனேன். பெண்ணிடம் பாக்கிங்கை விட்டிருந்தேன். J2 என்பதை இரண்டாவது நிறம் என்று நினைத்துக்கொண்டாள் அவள். நான்கு பார்சலில் பிறந்த குழந்தைக்கான அளவு போய்விட்டது. நாலும் திரும்பி வந்தன. ஒன்றில் நாடாவைக் கத்தரித்திருந்தார்கள், ஒன்றில் பால் கறை. போக வரக் கூரியர் செலவு என் தலையில். அந்த மாதம் கையைக் கடித்தது மட்டுமில்லை, ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா, "சட்டை கழுத்தில் இறங்கவே இல்லை" என்று எழுதியிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. பெண்ணைத் திட்டினேன். பிறகு யோசித்தால் தப்பு என்னுடையது. படித்தவுடன் பொருள் விளங்காத பெயரை வைத்தவள் நான்தானே!

ஆகவே பெயரைப் பார்த்த உடனே பொருள் விளங்க வேண்டும். அன்று இருவரும் உட்கார்ந்து ஆறுக்கும் இப்படிப் பெயர் வைத்தோம்:

```
JAB-YEL-M00-P3
JAB-YEL-M03-P3
JAB-YEL-M06-P3
JAB-WHT-M00-P3
JAB-WHT-M03-P3
JAB-WHT-M06-P3
```

முதல் மூன்று எழுத்து ஜப்லா. அடுத்தது நிறம், மஞ்சளா வெள்ளையா. M00 என்றால் பிறந்ததிலிருந்து மூன்று மாதம், M03 என்றால் மூன்றிலிருந்து ஆறு, M06 என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு. P3 என்பது மூன்று கொண்ட பாக்கெட். நாளைக்கு ஐந்து கொண்ட பாக்கெட் போட்டால் P5. நாளைக்கே ரோஸ் நிறத்தில் தைத்தாலும் நடுவில் உள்ள மூன்றெழுத்தை மட்டும் மாற்றினால் போதும். புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

அளவை 3-6 என்றே எழுதினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். நிறைய சரக்கை ஒரேயடியாக ஏற்ற எக்செல் தாளில் நிரப்பி அனுப்புவார்கள். ஒரு கட்டத்தில் 3-6 என்று மட்டும் எழுதினால், எக்செல் அதை ஜூன் 3-ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ளும்! 003 என்று எழுதினால் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிட்டு வெறும் 3 ஆக்கும். அதனால்தான் எழுத்தில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். இங்கிலீஷ் ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும், ஐ எழுத்தையும் ஒன்றையும் குழப்புகிற மாதிரி வைக்காதீர்கள். விலையையும் பெயரில் சேர்க்காதீர்கள். தீபாவளிக்கு விலை மாறும், பெயரை மாற்ற முடியாது. பல இடங்களில் ஒரு தடவை கொடுத்த எஸ்.கே.யூவைத் திருத்தவே முடியாது. லிஸ்டிங்கையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நின்றுபோன பழைய சரக்கின் பெயரைப் புதுச் சரக்குக்கும் சூட்டாதீர்கள். பழையது ஒன்று திரும்பி வந்தால் எது எதுவென்று தெரியாது.

பார்கோடும் எஸ்.கே.யூவும் ஒன்றா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். இல்லை. சோப்பு டப்பாவில் கோடு கோடாக இருக்கிறதே, அதன் கீழ் உள்ள நம்பர் உலகத்துக்கே பொது. எந்தக் கடையில் வாங்கினாலும் அந்தச் சோப்புக்கு அதே நம்பர்தான். நம் நாட்டில் பதிவு செய்த கம்பெனிகளின் நம்பர் 890 என்று ஆரம்பிக்கும். எஸ்.கே.யூ நம் வீட்டு அலமாரிக்கு மட்டும். பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரில் உள்ள பெயர் பார்கோடு, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் எஸ்.கே.யூ என்று சொன்னேன். டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

நோட்டில் ஒரு வரி

பெயர் வைத்தால் மட்டும் போதாது, எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். மஞ்சள், மூன்றிலிருந்து ஆறு மாதம். JAB-YEL-M03-P3. திங்கட்கிழமை ஐந்து பாக்கெட் என்று போனில் ஏற்றுகிறாள். செவ்வாய்க்கிழமை இரண்டு ஆர்டர் வருகிறது. போன் தானாகவே மூன்று என்று குறைத்துக்கொள்ளும். புதன்கிழமை எதிர் வீட்டு அம்மா பேரனுக்கென்று ஒரு பாக்கெட் கையில் வாங்கிப் போகிறார். அலமாரியில் இருப்பது இரண்டு. ஆனால் போனுக்கு அது தெரியாது, மூன்று என்றே காட்டும். வியாழக்கிழமை மூன்று ஆர்டர் வந்துவிட்டால்? ஒன்றை ரத்து செய்ய வேண்டும். விற்பவர் ரத்து செய்வது நம் செல்லர் அக்கவுண்ட்டில் கரும்புள்ளியாக விழும். சில இடங்களில் அபராதமும் உண்டு. அடிக்கடி நடந்தால் கணக்கையே நிறுத்திவைப்பார்கள்.

எனவே கையில் விற்ற அன்றே போனில் ஒன்றைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு ஆன்லைன் கடையில் ஒரே சரக்கை வைத்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை. நான் ஐந்து இருந்தால் ஒன்றில் இரண்டு, மற்றதில் இரண்டு என்று பிரித்துப் போட்டு, ஒன்றைக் கையில் நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம், திரும்பி வந்த பார்சலைப் பிரிக்காமல் 'ஸ்டாக்' என்று எண்ணக் கூடாது. பிரித்து, கறை, கிழிசல் பார்த்து, எஸ்.கே.யூவும் உள்ளே உள்ள அளவும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே அலமாரிக்குப் போக வேண்டும். பிறந்த குழந்தை மேல் படப்போகிற துணி. அது நினைவிருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு எஸ்.கே.யூவுக்கு ஒரு பக்கம். தேதி, வந்தது, போனது, திரும்பியது, மிச்சம் என்று ஐந்து கட்டம். பழைய ஷூ பெட்டி ஆறில் ஆறு பெயரையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பாக்கெட்டுகளைப் பிரித்து வைத்தோம். ஒவ்வொரு உறையின் மூலையிலும் அதே பெயரை எழுதினோம். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. குழந்தை அந்த ஷூ பெட்டி மூடி ஒன்றைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனது.

அதற்கப்புறம் பேங்க்கில் பெயர் மாற்றப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு லிஸ்டிங் படம் சரியில்லை என்று திரும்பி வந்து, மறுபடி எடுத்து அனுப்பினாள். போன வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"அண்ணி, மொத ஆர்டர் வந்துடுச்சு! மதுரைக்கு. JAB-YEL-M03-P3. பெட்டியைத் தொறந்து எடுத்து, அளவுநாடா வச்சு ரெண்டு வாட்டி அளந்துட்டுத்தான் ஒட்டினேன்."

"நோட்டுல எழுதினியா?"

"மொதல்ல நோட்டுலதான் எழுதினேன். எழுதறப்ப அத்தை பார்த்துட்டாங்க அண்ணி, என்னம்மா அதுன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் பார்த்தா, மீதிப் பாக்கெட்டையெல்லாம் அவங்களே பெட்டி மாறாம எண்ணி அடுக்கி வச்சிருக்காங்க" என்றாள்.

மிச்சம் நான்கு. நோட்டும் நான்கு என்கிறது, போனும் நான்கு என்கிறது, பெட்டியிலும் நான்கு. மூன்றும் ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று தினமும் ராத்திரி விளக்கணைக்கும் முன் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழில், திரும்பி வரும் பார்சலில் காசு எங்கெங்கே கழிகிறது என்று பார்க்கலாம். வரட்டுமா?